ஒட்டிய ஆள் ஏன் ஒட்டவில்லை?

வெளிநாட்டில் இருக்கும் மகனையும் சேர்த்து ஒரு குடும்பப் படம் வேண்டும் என்று கேட்டு ஸ்டூடியோவுக்குப் போகிறவர்கள் திருகோணமலையிலும் உண்டு. டச் பே கடற்கரையில் அம்மா, அப்பா, தங்கை, பேரப்பிள்ளைகள் நின்று எடுத்த படம் ஒன்று. ரொறன்ரோவிலிருந்து மகன் அனுப்பிய படம் இன்னொன்று. இரண்டையும் போட்டோஷொப்பில் சேர்த்து, மகனைப் பின்வரிசையில் நிறுத்தி, பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மகனின் உயரம் சரியாக இருக்கும். வெயில் விழும் பக்கமும் நிறமும்கூடச் சரியாக இருக்கும். அப்படியிருந்தும், பார்க்கிறவர்களுக்கு அவர் மட்டும் அந்தக் கூட்டத்தோடு சேராமல் நிற்பது போலத் தோன்றும். எது பிழை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பெரும்பாலும் பிழை இருப்பது கூர்மையில்தான். ஒரு படத்தின் எல்லா இடமும் ஒரே அளவு கூர்மையாக இருப்பதில்லை. எந்த இடம் எவ்வளவு மங்க வேண்டும் என்பதை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. அந்தப் பொருள் கமெராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ஒன்று. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அது எவ்வளவு நகர்ந்தது என்பது மற்றொன்று. முதலாவது குவிய ஆழத்தால் வரும் மங்கல், இரண்டாவது அசைவு மங்கல். ஒரே படத்தில் உள்ள எல்லாரும் ஒரே லென்ஸையும் ஒரே ஷட்டரையும் பகிர்ந்துகொள்கிறார்கள். வெட்டி ஒட்டப்பட்டவரோ வேறொரு லென்ஸின், வேறொரு ஷட்டரின் மங்கலைத் தன்னோடு கொண்டு வருகிறார்.

ஆகவே ஒட்டுப்படத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "இந்த ஆள் கூர்மையாக இருக்கிறாரா?" என்பதல்ல. "இவருக்குப் பக்கத்தில், இதே தூரத்தில், இதே வேகத்தில் இருப்பவை எந்த அளவுக்குக் கூர்மையோ, இவரும் அந்த அளவுக்குத்தானா?" என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்வியையே பின்தொடர்கிறது.

தூரம் தரும் மங்கல்

லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் குவியும். அந்தத் தூரத்தில் உள்ள ஒரு புள்ளி படத்திலும் புள்ளியாக விழும். அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புள்ளி ஒரு சிறு வட்டமாக விரிந்து விழும். வட்டம் மிகச் சிறியதாக இருக்கும் வரை கண் அதைப் புள்ளி என்றே எடுத்துக்கொள்ளும். அப்படிக் கண்ணை ஏமாற்றக்கூடிய தூர எல்லைதான் குவிய ஆழம். நீண்ட லென்ஸ், அகலத் திறந்த அப்பர்ச்சர், கிட்ட நிற்கும் ஆள் ஆகிய மூன்றும் அந்த எல்லையைச் சுருக்கும். குட்டை லென்ஸ், சிறிய அப்பர்ச்சர், தூர நிற்கும் ஆள் ஆகியவை அதை விரிக்கும்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. முழு அளவு சென்சர் உள்ள கமெராவில் 85 மி.மீ. லென்ஸைப் போட்டு, அப்பர்ச்சரை f/1.8 ஆகத் திறந்து, 3 மீற்றரில் நிற்பவரின் கண்ணில் குவிக்கிறோம். மிகத் தொலைவில் உள்ள ஒரு புள்ளி சென்சரில் சுமார் 1.4 மி.மீ. வட்டமாக விரியும். அந்தப் படத்தை 18 அங்குல அகலத்தில் அச்சடித்தால் அது 17 மி.மீ. வட்டமாகிவிடும். பின்னால் நிற்கும் மரமோ மலையோ உருத்தெரியாமல் கரைந்து போகும். அதே 3 மீற்றரில் நிற்பவரைக் கைத்தொலைபேசியின் சாதாரண கமெராவால் எடுத்தால், அதன் லென்ஸும் சென்சரும் மிகச் சிறியவை என்பதால், தொலைவுப் புள்ளி அதே 18 அங்குல அச்சில் அரை மில்லிமீற்றரைக்கூடத் தொடாது. மலை மலையாகவே தெரியும்.

இன்னொரு விடயம், மங்கல் திடீரென்று தொடங்குவதில்லை. குவிந்த தூரத்திலிருந்து விலக விலகப் படிப்படியாகக் கூடும். நிலத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். மணலோ கற்பாதையோ படத்தில் தெரிந்தால், அதில் ஒரு குறுக்குப் பட்டை மட்டும் மிகக் கூர்மையாக இருக்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள மணல் மெல்ல மெல்ல மென்மையாகும். ஒருவரின் பாதம் அந்த நிலத்தின் எந்த இடத்தைத் தொடுகிறதோ, அந்த இடத்து மணலுக்கு உள்ள கூர்மைதான் அவருக்கும் இருக்க வேண்டும்.

டச் பே படம்: ஒரு கணக்கு

முதலில் சொன்ன குடும்பப் படத்தையே ஓர் உதாரணமாக வைத்துக்கொள்வோம். காலை நேரம், நல்ல வெளிச்சம். ஸ்டூடியோக்காரர் 35 மி.மீ. லென்ஸில், f/8 வைத்து, 5 மீற்றர் தூரத்திலிருந்து எடுக்கிறார். பின்னால் சுவாமி மலை தெரிகிறது. இந்த அமைப்பில் குடும்பத்தார் எல்லாரும் கூர்மை, மலையும் ஏறக்குறையக் கூர்மை. 18 அங்குல அச்சில் மலையின் விளிம்பு சுமார் 0.4 மி.மீ. மட்டுமே விரியும். அச்சைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால்தான் அது தெரியும்.

மகனின் படமோ ஒரு நண்பர் 85 மி.மீ. லென்ஸில், f/1.8 வைத்து, 3 மீற்றரிலிருந்து எடுத்தது. இதில் குவிய ஆழம் மொத்தமே 13 செ.மீ. அளவுதான். கண் கூர்மையாக இருந்தால் காது மென்மையாகத் தொடங்கிவிடும். உடலைச் சற்றுத் திருப்பி நின்றிருந்தால், 30 செ.மீ. பின்னால் இருக்கும் மற்றத் தோள் நன்றாகவே மங்கியிருக்கும். அந்த லென்ஸில், அந்தத் தூரத்தில், நெடுக்காகப் பிடித்தாலும் ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் உயரம்தான் படத்துக்குள் அடங்கும். கால்கள் படத்தில் இல்லை. ஒட்டப்பட்டவர்கள் ஏன் எப்போதும் பின்வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

இனி மகனைக் குடும்பத்துக்குள் கொண்டுவர வேண்டும். அவர் படத்தில் முகம் பெரிது, குடும்பப் படத்தில் முகங்கள் சிறியவை. அளவு பொருந்த அவரை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகச் சுருக்க வேண்டும். சுருக்கும்போது மங்கலும் சேர்ந்து சுருங்கும். காதின் மென்மை அச்சில் 0.14 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடுவதால் யார் கண்ணிலும் படாது. தோளின் மங்கல் மட்டும் 0.4 மி.மீ. அளவில் மிஞ்சும். பக்கத்தில் நிற்கும் அப்பாவின் சட்டை இரண்டு தோளிலும் நூல் தெரியும் அளவுக்குக் கூர்மையாக இருக்க, மகனின் ஒரு தோள் மட்டும் மென்மையாக இருக்கும். முகத்தைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. தோளுக்குத் தோள் ஒப்பிடுபவருக்குத் தெரியும்.

பெரிய படத்தைச் சுருக்கி ஒட்டுவது இவ்வளவு மன்னிக்கும். சிறிய படத்தைப் பெருக்கி ஒட்டுவதுதான் மன்னிக்காது. மகனின் படம் வட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தது என்றால், அது வழியிலேயே சுருங்கி, நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவில்தான் வந்து சேரும். ஆள் முழு உயரமாக நிற்கும் படம் என்றால் முகத்துக்குக் கிடைப்பது 150 பிக்சல் போல. குடும்பப் படத்தில் மற்றவர்களின் முகம் 280 பிக்சல் வரை இருக்கிறது. ஆகவே மகனை இரு மடங்கு வரை பெருக்க வேண்டும். இமை மயிரும் சட்டையின் சிறு கட்டமும் ஏற்கனவே தொலைந்துவிட்டன, பெருக்கினாலும் அவை திரும்பி வரா. உடல் முழுவதும் ஒரே அளவு மென்மையாக இருக்கும். உண்மையான குவிய மங்கல் அப்படி இருக்காது, தூரத்துக்குத் தூரம் மாறும்.

மாலை நேரத்துப் படத்தில் பிரச்சினை தலைகீழாகிறது. டச் பே கிழக்கைப் பார்த்த கடற்கரை. மாலையில் வெளிச்சம் சீக்கிரம் குறைந்துவிடும். ஸ்டூடியோக்காரர் 50 மி.மீ. லென்ஸில் f/2.8 வரை திறந்து, 4 மீற்றரிலுள்ள முன்வரிசையில் குவிக்கிறார் என்று வையுங்கள். ஒரு மீற்றர் பின்னால் நிற்கும் பின்வரிசை அச்சில் அரை மில்லிமீற்றருக்கு மேல் மங்கும். அந்தப் பின்வரிசையில் நன்றாக எடுத்த ஒரு கூர்மையான மகனைக் கொண்டுபோய் வைத்தால், பின்வரிசையில் நிற்பவருக்கு முன்வரிசையின் கூர்மை வந்துவிடுகிறது. முகத்தின் அளவு "நான் பின்னால் நிற்கிறேன்" என்று சொல்கிறது, கூர்மையோ "நான் முன்னால் நிற்கிறேன்" என்று சொல்கிறது. பார்ப்பவரின் மனம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

விளிம்பு

மங்கலின் அளவைச் சரிசெய்தாலும் விளிம்பில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். உண்மையாகவே குவியத்துக்கு வெளியே நிற்கும் ஒருவரின் விளிம்பு வெளியே கசியும். அவருடைய கறுத்த முடி பின்னால் உள்ள வானத்தின் மீது கொஞ்சம் பரவும், வானமும் முடியின் மீது பரவும். முகத்தின் உள்பகுதி எவ்வளவு மென்மையோ, விளிம்பும் அவ்வளவு மென்மையாக இருக்கும்.

ஒட்டுப்படத்தில் ஆளை முதலில் வெட்டி, பிறகு அவருக்குள் மட்டும் மங்கலைப் பூசினால், உள்ளே மென்மையும் ஓரத்தில் கத்தரிக்கோல் கூர்மையும் மிஞ்சும். இதன் எதிர்ப்பிழையும் உண்டு. மகனின் பழைய படத்தில் பின்னணி பச்சை மரங்கள் என்றால், முடியின் ஓரத்தில் அந்தப் பச்சை ஏற்கனவே கலந்திருக்கும். அவரை வெட்டித் திருகோணமலைக் கடலின் நீலத்துக்கு முன்னால் வைத்தபின், காதைச் சுற்றியும் முடி நுனியிலும் மெல்லிய பச்சைக் கோடு ஓடும். அச்சை முகத்துக்கு அருகே கொண்டுவந்து காது, முடி, கைவிரல் இடுக்கு ஆகிய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

வெளிச்சப் புள்ளிகளும் காட்டிக்கொடுக்கும். இரவில் உட்துறைமுகத்துக்கு அப்பால் எரியும் விளக்குகள் குவியத்துக்கு வெளியே இருந்தால், ஓரம் தெளிவான பளிச்சென்ற வட்டங்களாக விழும். சாதாரண மங்கல் வடிகட்டியைப் பூசி இதைப் போலிசெய்தால் வட்டம் வராது. நடுவில் கொஞ்சம் வெளிச்சமும் ஓரத்தில் கரைந்த ஒளியும் உள்ள பஞ்சுப் பொதிதான் வரும். போட்டோஷொப்பில் Gaussian Blur, Lens Blur என்று இரண்டு தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான்.

சென்னை, 2015 டிசம்பர்

இந்தக் கேள்வியை நாடே கேட்ட ஒரு சம்பவம் தமிழ்நாட்டில் நடந்தது. 2015 டிசம்பர் 3ஆம் திகதி, வெள்ளத்தில் மூழ்கிய சென்னையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி வானிலிருந்து பார்வையிட்டார். அவர் வட்டமான சன்னல் வழியாகக் கீழே பார்க்கும் படம் ஒன்றை இந்திய அரசின் பத்திரிகைத் தகவல் பணியகம் டுவிட்டரில் வெளியிட்டது. சன்னலுக்கு வெளியே வெள்ளம் சூழ்ந்த கட்டடங்கள் துல்லியமாகத் தெரிந்தன. அதே கணத்தின் தொடாத படமும் பொதுவெளியில் இருந்தது. அதில் சன்னலுக்கு வெளியே தெரிந்தது மங்கலான, புகைபடிந்த காட்சி மட்டுமே. இரண்டையும் அருகருகே வைத்து மக்கள் கேலி செய்யத் தொடங்கியதும் முதற்படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்கள் இணைக்கப்பட்டதை ஒப்புக்கொண்ட பணியகம் வருத்தமும் தெரிவித்தது.

இதில் ஒட்டப்பட்டது ஆளல்ல, காட்சி. ஆனால் பொருத்தக் கணக்கு ஒன்றுதான். சன்னலோரம் அமர்ந்திருப்பவர் கமெராவிலிருந்து ஒன்றிரண்டு மீற்றரில் இருக்கிறார். வெளிக்காட்சி நூற்றுக்கணக்கான மீற்றருக்கு அப்பால் இருக்கிறது. 24 மி.மீ. போன்ற அகல லென்ஸில், f/8 வைத்து, 1.2 மீற்றரில் உள்ள முகத்தில் குவித்தால்கூடக் குவிய ஆழம் இரண்டரை மீற்றரோடு முடிந்துவிடும். தொலைவுக் கட்டடத்தின் ஒவ்வொரு கோடும் 18 அங்குல அச்சில் முக்கால் மில்லிமீற்றர் விரிய வேண்டும். அதற்கு மேல் சன்னல் கண்ணாடி, மழைக்கால வானத்தின் ஈரப்புகை, வெளியே உள்ளே என்று வெளிச்ச வித்தியாசம். இவ்வளவையும் தாண்டி வெளிக்காட்சி முகத்தைவிடத் தெளிவாக இருந்தால், அது வேறொரு லென்ஸ் வேறொரு இடத்தில் நின்று பார்த்த காட்சி.

நேரம் தரும் மங்கல்

இனி அசைவு. பாக் பேயில் என்ஜின் பொருத்திய கண்ணாடியிழைப் படகு ஒன்று, கரைக்கு இணையாக, மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. நீங்கள் 20 மீற்றர் தூரத்தில், 50 மி.மீ. லென்ஸோடு அசையாமல் நின்று எடுக்கிறீர்கள். ஷட்டர் 1/60 வினாடி என்றால் அந்த இடைவெளியில் படகு 8 செ.மீ. நகர்ந்துவிடும். 18 அங்குல அச்சில் அது இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் இழுபடும். 1/1000 வினாடி என்றால் இழுபடுவது அரை மில்லிமீற்றரைவிட மிகக் குறைவு, படகு உறைந்து நிற்பது போலிருக்கும்.

இந்த இழுபடலுக்குத் திசை உண்டு. படகு கிடையாகப் போகிறது என்பதால், அதன் பக்கவாட்டில் கிடையாக ஓடும் வர்ணக்கோடு ஏறக்குறையக் கூர்மையாகவே இருக்கும். ஆனால் பதிவு எழுத்துகளின் செங்குத்துக் கோடுகள் பூசி மெழுகினாற்போல் ஆகிவிடும். படகில் இருப்பவர்களுக்கும் இதுவே விதி. அவர்களின் சாரக் கட்டத்தில் செங்குத்துக் கோடுகள் அழியும், கிடைக்கோடுகள் நிற்கும். இழுபட்ட விளிம்பு அரைகுறையாகத் தெரியும், அதனூடாகப் பின்னால் உள்ள கடலும் தெரியும். ஏனென்றால் ஷட்டர் திறந்திருந்த நேரத்தின் ஒரு பகுதியில் அந்த இடத்தில் மனிதர் இருந்தார், மறுபகுதியில் கடல் இருந்தது.

இந்தப் படகில் கரையில் நின்று போஸ் கொடுத்த ஒருவரை வெட்டி உட்கார்த்தினால் என்ன ஆகும்? படகு இரண்டரை மில்லிமீற்றர் இழுபட்டிருக்க, அதன் பலகையில் அமர்ந்திருப்பவரின் மீசை மயிர்கூட எண்ணக்கூடியதாக இருக்கும். படகோடு சேர்ந்து போகும் ஒருவர் படகைவிடக் குறைவாக இழுபட வழியில்லை. இதை மறைக்க அவசரமாக எல்லாப் பக்கமும் மங்கும் வடிகட்டியைப் பூசினால், கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் ஒன்றுபோல் அழிந்துவிடும். படகு ஒரு திசையில் இழுபட, ஆள் எல்லாத் திசையிலும் மங்குவார்.

உலகம் முழுவதும் சுற்றிய ஒரு பொய்ப்படத்தில் இதே பிழை இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் உச்சியில் ஒரு சுற்றுலாப் பயணி நிற்க, பின்னால் விமானம் நெருங்கி வருவது போன்ற படம் மின்னஞ்சலில் பரவியது. அது 1997இல் எடுத்த சுற்றுலாப் படத்தில் விமானத்தை ஒட்டிச் செய்தது என்று பின்னர் தெரியவந்தது. கோபுரத்தை முதலில் தாக்கிய விமானத்தின் வேகம் வினாடிக்கு 200 மீற்றர் அளவில் இருந்ததாக விசாரணையில் கணிக்கப்பட்டது. 1/125 வினாடியில்கூட அது ஒன்றரை மீற்றருக்கு மேல் நகர்ந்திருக்கும். படத்தில் இருந்த விமானமோ ஓடுபாதைக்கு மேலே நிறுத்திவைத்தது போலத் துல்லியமாக இருந்தது.

அசைவு என்பது ஓடும் பொருளுக்கு மட்டும் உரியதல்ல. சுவாமி மலை உச்சியில் கடற்காற்று நிற்பதில்லை. கோணேசர் கோயிலுக்கு வெளியே எடுக்கும் குழுப்படத்தில், ஷட்டர் கொஞ்சம் மெதுவாக இருந்தால், சேலைத் தலைப்புகளும் முடி நுனிகளும் மங்கும், முகங்கள் நிற்கும். ஸ்டூடியோவுக்குள் எடுத்த ஒருத்தியை அங்கே கொண்டுபோய் வைத்தால் அவள் சேலை மட்டும் ஆடாது. குவிய ஆழத்தை எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும் இது சரியாகாது.

கை நடுக்கமும் ஒரு முத்திரை. மங்கிய வெளிச்சத்தில் கமெராவைக் கையில் பிடித்து எடுத்தால், படத்தில் உள்ள ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் ஒரே சாயலில் சிறு கீற்றாக வளைந்திருக்கும். விளக்கு, தோடு, மூக்குத்தி, கண்ணில் மின்னும் ஒளி எல்லாவற்றிலும் ஒரே கீற்று. ஒருவரின் கண்ணில் மட்டும் அது சுத்தமான புள்ளியாக இருந்தால், கமெரா நடுங்கியபோது அவர் அந்தப் படத்துக்குள் இருக்கவில்லை.

அடையாளம் ஏமாற்றும் இடங்கள்

கூர்மை பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு படத்தைப் பொய் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. வெட்டாத, ஒட்டாத படங்களிலும் இந்த முரண் வரும். முக்கியமான சூழல்கள் மூன்று.

முதலாவது, கைத்தொலைபேசியின் போர்ட்ரெயிட் வசதி. அது சிறிய லென்ஸால் எடுத்த கூர்மையான படத்தில், ஆள் எது பின்னணி எது என்று கணித்து, பின்னணியைச் செயற்கையாக மங்கச் செய்கிறது. கணிப்புத் தவறினால் கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள பின்னணி மங்காமல் நிற்கும், காதோரம் வெட்டுப்பட்டது போலிருக்கும், பாதம் கூர்மையாகவும் அதைத் தொடும் மணல் மங்கலாகவும் இருக்கும். ஆளை யாரும் ஒட்டவில்லை, ஆனால் ஒட்டியது போன்ற எல்லா அடையாளமும் உண்டு.

இரண்டாவது, பிளாஷ். கோயில் திருவிழா இரவில் காவடி ஆடுபவரை மெதுவான ஷட்டரோடு பிளாஷ் போட்டு எடுத்தால், பிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில் அடித்து முடிந்துவிடும். அந்த வெளிச்சம் பட்ட ஆள் உறைந்து நிற்பார். பின்னால் உள்ள தீப்பந்தங்களும் மின்விளக்குகளும் ஷட்டர் மூடும்வரை கோடாக இழுபட்டுக்கொண்டிருக்கும். கூர்மையான ஆளும் இழுபட்ட உலகமும் ஒரே படத்தில் வந்தாலும் அது முற்றிலும் உண்மைப் படம்.

மூன்றாவது, கமெராவை ஓடும் பொருளோடு சேர்த்துத் திருப்பி எடுப்பது. அப்போது படகும் அதில் இருப்பவர்களும் கூர்மையாகவும், கடலும் கரையும் கிடைக்கோடுகளாகவும் வரும். ஆனால் இங்கேயும் நம் கேள்வி பொய்க்காது. படகும் படகில் இருப்பவரும் ஒரே வேகத்தில் போவதால் அவர்கள் இருவரும் ஒன்றுபோல் கூர்மையாக இருப்பார்கள். பின்னணியோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், படகோடு ஒப்பிட்டால் ஏமாற மாட்டீர்கள்.

ஒரு படத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் முதலில் அதன் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலில் சுருக்கமே பாதி விவரத்தைத் தின்றிருக்கும், அதில் எல்லா விளிம்பும் சந்தேகமாகவே தெரியும். கோப்பை முழு அளவில் பெரிதாக்கி, பாதத்தையும் அதைத் தொடும் நிலத்தையும், தோளையும் அடுத்தவர் தோளையும், முடியின் ஓரத்தையும், கண்ணில் உள்ள ஒளிப்புள்ளியையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரு முரண் மட்டும் இருந்தால் மேலே சொன்ன மூன்று சூழலில் ஏதாவது பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத முரண்கள் ஒரே ஆளைச் சுற்றி மட்டும் கூடிவந்தால் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு.

நல்ல நோக்கத்தோடு மகனைக் குடும்பத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கும் இதே அறிவு உதவும். குடும்பப் படத்தை எடுத்த பிறகு ஏதோ ஒரு பழைய படத்தைத் தேடுவதை விட, மகனிடமே புதிதாக ஒரு படம் கேளுங்கள். குடும்பத்தை எடுத்த அதே தூரம், அதே கமெரா உயரம், முடிந்தால் அதே அளவு லென்ஸ், சிறிய அப்பர்ச்சர், வேகமான ஷட்டர், முழு உருவம், அனுப்பும்போது சுருங்காத கோப்பு என்று எழுதி அனுப்புங்கள். கைத்தொலைபேசி என்றால் போர்ட்ரெயிட் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். கூர்மையான படத்தைப் பொருந்தும் அளவுக்கு மங்கச் செய்வது எளிது, மங்கிய படத்தைக் கூர்மையாக்குவது எளிதல்ல. ஸ்டூடியோவில் மங்கலைப் பூசும்போது ஆளை மட்டும் பூசாமல் வெட்டிய விளிம்பையும் சேர்த்துப் பூச வேண்டும். மங்கல் பூசிய இடத்தில் படத்தின் இயல்பான சொரசொரப்பு அழிந்துவிடும் என்பதால், மற்றவர்கள் மீது உள்ள அதே அளவு சொரசொரப்பைக் கடைசியில் மகன் மீதும் தூவ வேண்டும். இவ்வளவையும் செய்து கொடுக்கும் ஸ்டூடியோவிடம் படத்தின் பின்பக்கத்தில் "இணைத்துச் செய்த படம்" என்று ஒரு வரி எழுதித் தரவும் சொல்லுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து, அன்று மாமாவும் டச் பேயில் நின்றார் என்று நம்பிவிடக் கூடாது.